கணக்கு எங்கே பிசகியது? முகப்பு மைய, பொருள் மைய உலோகங்களின் அணு ஆரமும் பொதிவுத் திறனும்

உலோக அணுக்களைக் கோளங்களாகக் கருதினால், இடத்தில் அவை நிரப்பும் பங்குதான் பொதிவுத் திறன். மூலைகளோடு ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு உள்ள முகப்பு மையக் கனசதுரத்தில் அது 74 சதவீதம், மூலைகளோடு கூட்டின் நடுவில் ஓர் அணு உள்ள பொருள் மையக் கனசதுரத்தில் 68 சதவீதம். இந்த இரண்டு எண்களும் பலருக்கு மனப்பாடம். ஆனாலும் இவற்றை வைத்து ஓர் உண்மையான உலோகத்தைக் கணக்கிடத் தொடங்கினால், விடை அடிக்கடி தடம் மாறிப் போகிறது. எங்கே மாறியது என்பதை விடையின் தோற்றமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்த வழிமுறையைச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், உங்கள் தாளில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டு அறிகுறிகள் எளியவை. மூன்றாவதில்தான் விஷயத்தின் கனம் இருக்கிறது, அங்கே சற்று நிதானமாகப் போவோம்.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியான நிலை இது. a என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கனசதுரமான அலகுக்கூட்டின் விளிம்பு நீளம், r அணு ஆரம், Z ஓர் அலகுக்கூட்டிலுள்ள அணுக்களின் எண்ணிக்கை.

```
முகப்பு மையம்:  4r = √2 a,  r = 0.3536 a,  Z = 4,  பொதிவு = 0.7405
பொருள் மையம்:   4r = √3 a,  r = 0.4330 a,  Z = 2,  பொதிவு = 0.6802
```

அறிகுறி 1: பொதிவுத் திறன் ஒன்றைத் தாண்டுகிறது, அல்லது பாதியாக வருகிறது

பொதிவுத் திறன் 1.05 என்றோ 2.09 என்றோ வந்தால், அணுக்கள் விளிம்பு வழியாக ஒன்றையொன்று தொடுகின்றன என்று எடுத்துக்கொண்டு r = a/2 என்று போட்டிருக்கிறீர்கள். பொருள் மையத்தில் அப்படிப் போட்டால் 1.05 வரும், முகப்பு மையத்தில் 2.09 வரும். விளிம்பு வழியாகத் தொடுவது எளிய கனசதுரத்தில் மட்டும்தான். பொருள் மையத்தில் மூலை அணுக்களை நடு அணு விலக்கி வைக்கிறது. அங்கே விளிம்பின் நீளம் 2.31r. இரண்டு மூலை அணுக்கள் தொட்டிருந்தால் அது 2r ஆக இருந்திருக்கும். மீதமுள்ள 0.31r அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி. முகப்பு மையத்தில் விளிம்பு 2.83r, அதாவது இடைவெளி இன்னும் பெரியது.

1.36 வந்தால், முகப்பு மைய உலோகத்துக்குக் கனசதுரத்தின் உள்மூலைவிட்டத்தைப் பயன்படுத்தியிருப்பீர்கள், அல்லது பொருள் மைய உலோகத்துக்கு அணு எண்ணிக்கையை 4 என்று போட்டிருப்பீர்கள். 0.37 வந்தால் அதன் மறுபக்கம்: பொருள் மையத்துக்கு முகத்தின் மூலைவிட்டத்தை எடுத்திருப்பீர்கள், அல்லது முகப்பு மையத்துக்கு Z = 2 என்று வைத்திருப்பீர்கள். இரண்டு வேறு தவறுகள் ஒரே எண்ணில் வந்து முடிவதால் இங்கே அவசரப்பட வேண்டாம். முதலில் r/a என்ற விகிதத்தை மட்டும் பாருங்கள். அந்த உலோகத்தின் அமைப்புக்கு உரிய விகிதம் அங்கே இருந்தால் பிழை எண்ணிக்கையில் இருக்கிறது. இல்லையென்றால் தொடும் திசையில் இருக்கிறது.

0.51 என்ற விடை தனியே கவனிக்கத்தக்கது. நடுவில் உள்ள அணுவைப் பாதி என்று எண்ணி, பொருள் மையத்துக்கு ஒன்றரை அணு போட்டால் இது வரும். எளிய கனசதுரத்தின் 0.52க்கு மிக அருகில் இருப்பதால், அமைப்பையே தவறாக எடுத்துவிட்டோமோ என்ற வீண் சந்தேகத்தைக் கிளப்பும். நடு அணுவை எந்தப் பக்கத்துக் கூடும் பங்கிட்டுக்கொள்வதில்லை. அது முழு ஒன்று.

அறிகுறி 2: ஆரம் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, விளிம்பு நீளம் மட்டும் பொருந்தவில்லை

இந்தப் பிழை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. செம்பை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், மோலார் நிறை 63.546 கிராம். அடர்த்தியிலிருந்து முதலில் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் கன அளவு v ஐக் காண்போம். M மோலார் நிறை, ρ அடர்த்தி, N அவகாட்ரோ எண்.

```
v = M / (ρ N) = 63.546 / (8.96 × 6.022×10²³)
  = 1.178×10⁻²³ cm³
```

இதுவரை அமைப்பு பற்றிய பேச்சே வரவில்லை. இனித்தான் பாதை பிரிகிறது. செம்பு முகப்பு மையம் என்று சரியாக எடுத்தால் a³ = 4v, அதிலிருந்து விளிம்பு 361 பிகோமீட்டர், ஆரம் 128 பிகோமீட்டர். தவறுதலாகப் பொருள் மையம் என்று எடுத்தால் a³ = 2v, விளிம்பு 287, ஆரம் 124.

ஆரத்தைப் பாருங்கள். அமைப்பையே தவறாக எடுத்தும் ஆரம் 3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறியிருக்கிறது. நான்கு பிகோமீட்டர் வித்தியாசத்தை ஏதோ தோராயப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவது எளிது. காரணம், ஆரம் பொதிவுத் திறனின் கனமூலத்தைச் சார்ந்தது. 0.68க்கும் 0.74க்கும் இடையிலுள்ள 8 சதவீத இடைவெளி, கனமூலம் எடுக்கும்போது 2.8 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. விளிம்பு நீளத்திலோ இரண்டு கணக்குகளும் 26 சதவீதம் விலகி நிற்கின்றன. ஆகவே அமைப்பைச் சோதிக்க ஆரத்தை நம்பாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். செம்பின் அளந்தறியப்பட்ட விளிம்பு 361.5 பிகோமீட்டர். 287 என்பது அதன் அருகில்கூட இல்லை. ஆனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அறை வெப்பநிலையில் இரும்பின் விளிம்பும் 286.6 பிகோமீட்டர்தான். எனவே 287 என்ற எண்ணை எங்கோ அட்டவணையில் பார்த்த நினைவு வந்து, உங்களுக்குத் தவறான தெம்பைக் கொடுத்துவிடலாம்.

விளிம்பு நீளம் கையில் இல்லை, எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு வரைபடம் மட்டும் இருக்கிறது என்றால் முதல் இரண்டு கோடுகளே போதும். 154.06 பிகோமீட்டர் அலைநீளமுள்ள செம்புக் கதிரில், செம்பின் முதல் இரண்டு கோடுகள் 2θ = 43.3° மற்றும் 50.4° இல் வரும். இரும்பின் கோடுகள் 44.7° மற்றும் 65.0° இல் வரும். கோணத்தைப் பாதியாக்கி sin²θ கண்டு, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள்.

```
செம்பு:   0.1813 / 0.1361 = 1.33   (4/3 → முகப்பு மையம்)
இரும்பு:  0.2887 / 0.1446 = 2.00   (2/1 → பொருள் மையம்)
```

எளிய கனசதுரமும் 2 என்ற விகிதத்தையே தரும். ஆனால் சாதாரண அழுத்தத்தில் எளிய கனசதுரமாக இருக்கும் உலோகத் தனிமம் பொலோனியம் மட்டுமே என்பதால், பழக்கமான உலோகங்களில் அந்தக் குழப்பம் எழாது.

அறிகுறி 3: இரும்பு 8 சதவீதம் சுருங்குகிறது என்று கணக்கு சொல்கிறது

தூய இரும்பைச் சூடாக்கினால் 912°C இல் அது பொருள் மையத்திலிருந்து முகப்பு மையத்துக்கு மாறுகிறது. அதற்கு எவ்வளவு சுருங்கும் என்ற கேள்வி வரும்போது, பலரும் இப்படி எழுதுகிறார்கள்: அணு அதே இரும்பு அணு, ஆரம் மாறாது, பொதிவுத் திறன் 0.6802 இலிருந்து 0.7405க்கு உயர்கிறது, ஆகவே கன அளவு 0.6802/0.7405 = 0.9186 மடங்காகும், சுருக்கம் 8.1 சதவீதம்.

கணக்கில் எந்தப் படியும் தவறில்லை. ஆனால் உண்மையான இரும்பு அவ்வளவு சுருங்குவதில்லை. ஒரு கம்பி திடீரென்று கன அளவில் 8 சதவீதத்தை இழந்தால், நீளத்தில் ஏறத்தாழ 2.8 சதவீதம் குறைய வேண்டும். ஒரு மீட்டர் கம்பிக்கு அது கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். நீள மாற்றத்தை அளக்கும் கருவியில் 912°C இல் தெரிவதோ ஒரு மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கான ஒரு சிறு சரிவுதான்.

அளந்தறிந்த விளிம்புகளைப் போட்டுப் பார்ப்போம். உருமாறும் வெப்பநிலையை ஒட்டி, பொருள் மைய இரும்பின் விளிம்பு சுமார் 290.4 பிகோமீட்டர், முகப்பு மைய இரும்பின் விளிம்பு சுமார் 364.7 பிகோமீட்டர். படிப்பதற்கு எளிதாக இருக்க, கன அளவை ஆங்ஸ்ட்ராம் அலகில் தருகிறேன்.

```
பொருள் மையம்:  v = 2.904³ / 2 = 12.245 Å³,  r = 1.2575 Å
முகப்பு மையம்: v = 3.647³ / 4 = 12.127 Å³,  r = 1.2894 Å
மாற்றம்:       12.127 / 12.245 = 0.990
```

சுருக்கம் ஒரு சதவீதம் மட்டுமே. மீதி ஏழு சதவீதம் எங்கே போனது என்பதற்கான விடை ஆரங்களின் வரிசையிலேயே இருக்கிறது. 1.2575 ஆக இருந்த ஆரம் 1.2894 ஆகிவிட்டது. அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட அதே கணத்தில், ஒவ்வோர் அணுவும் இரண்டரை சதவீதம் பெரிதாகிவிட்டது. அடுக்கில் மிச்சமான இடத்தின் பெரும்பகுதியை இந்த வளர்ச்சி விழுங்கிவிடுகிறது.

அணு ஏன் பெரிதாக வேண்டும்? நாம் அணு ஆரம் என்று சொல்வது, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு அணுக்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி. அது பிணைப்பின் நீளத்தைச் சொல்லும் ஓர் எண், அணுவுக்கென்று நிலையாக இருக்கும் ஓர் எல்லை அல்ல. பொருள் மையத்தில் ஓர் அணுவைச் சுற்றி எட்டு அணுக்கள் தொட்டிருக்கின்றன. முகப்பு மையத்தில் பன்னிரண்டு. பிணைப்புக்குக் கொடுக்க ஓர் அணுவிடம் உள்ள எலக்ட்ரான்களோ அதே அளவுதான். எட்டுப் பேருக்குப் பகிர்ந்ததைப் பன்னிரண்டு பேருக்குப் பகிரும்போது ஒவ்வொரு பிணைப்பும் வலுக் குறைந்து, சற்று நீள்கிறது. தொடும் அணுக்களின் எண்ணிக்கையான அணைவு எண் கூடினால் ஆரம் கூடும் என்பதன் உள்ளடக்கம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, என் பார்வையில் பொருள் மையத்தைப் புரிந்துகொள்ள இதுவே முக்கியமானது. பொருள் மையத்தில் தொடும் எட்டு அணுக்களுக்கு அடுத்த வளையத்தில் ஆறு அணுக்கள், வெறும் 15.5 சதவீதம் தள்ளி நிற்கின்றன. முகப்பு மையத்தில் இரண்டாம் வளையம் 41 சதவீதம் தள்ளி இருக்கிறது. அதாவது பொருள் மைய அணு தன் எட்டு அயலாரோடு மட்டும் நிற்கவில்லை, பக்கத்திலேயே இருக்கும் அந்த ஆறு அணுக்களின் ஈர்ப்பையும் பெறுகிறது. 68 சதவீதம் என்ற எண் இந்த ஆறு அணுக்களைப் பார்ப்பதே இல்லை. கடினக் கோளங்களின் கணக்கில் தொடாத அணு இருந்தும் இல்லாததுதான்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஓர் உலோகம் அமைப்பை மாற்றும்போது, அணு ஒன்றுக்கான கன அளவு மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஆரங்களின் விகிதம் என்னவாக இருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். விடை 0.9186இன் கனமூலம், அதாவது 0.972. எட்டு அணைவுக்கான ஆரத்தைப் பன்னிரண்டு அணைவுக்கான ஆரத்தின் 0.97 மடங்கு என்று எடுக்கும் பழைய திருத்தம் இதோடு நன்றாக ஒத்துப்போகிறது. இரும்பில் நமக்குக் கிடைத்த விகிதம் 1.2575/1.2894 = 0.975. கன அளவு ஏறக்குறைய மாறாதிருக்க, ஆரம் விட்டுக்கொடுக்கிறது என்று படிப்பதே சரி.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். சோடியத்தின் ஆரம் ஓர் அட்டவணையில் 186 பிகோமீட்டர், இன்னொன்றில் 191 பிகோமீட்டர் என்று இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். முதலாவது, பொருள் மையச் சோடியத்தில் நேரடியாக அளந்த தூரத்தின் பாதி. இரண்டாவது, அதைப் பன்னிரண்டு அணைவுக்கு மாற்றிய எண். 191ஐப் பொருள் மையச் சூத்திரத்தில் போட்டு அடர்த்தி கண்டால், உண்மை அடர்த்தியைவிட சுமார் 8 சதவீதம் குறைவாக வரும். அட்டவணை எந்த அணைவு எண்ணுக்கானது என்று பார்த்த பிறகே எண்ணை எடுங்கள்.

அறிகுறி 3இன் கிளை: இரும்பு சுருங்குவதற்குப் பதிலாக 3 சதவீதம் விரிகிறது

விளிம்பு நீளங்களைத்தான் பயன்படுத்தினேன், ஆனால் குறியே மாறிவிட்டது என்றால், நீங்கள் அறை வெப்பநிலை விளிம்பையும் 912°C விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். 286.6 பிகோமீட்டரில் அணு ஒன்றுக்குக் கிடைப்பது 11.77 கன ஆங்ஸ்ட்ராம். அதை 12.127 உடன் ஒப்பிட்டால் 3 சதவீத விரிவு வரும். அறை வெப்பநிலையிலிருந்து 912°C வரை சூடாவதால் வரும் சாதாரண வெப்ப விரிவு கன அளவில் 4 சதவீதம். உருமாற்றத்தின் ஒரு சதவீதச் சுருக்கம் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. இரண்டு விளிம்புகளும் ஒரே வெப்பநிலைக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அறிகுறி 4: காலி இடம் அதிகமுள்ள இரும்பில்தான் கார்பன் அதிகம் கரையும் என்று முடிவு வருகிறது

68 சதவீதம் நிரம்பினால் 32 சதவீதம் காலி. 74 சதவீதம் நிரம்பினால் 26 சதவீதம் காலி. ஆகவே கார்பன் பொருள் மைய இரும்பில் அதிகம் கரைய வேண்டும் என்று தோன்றுகிறது. நடப்பது முற்றிலும் எதிர். 727°C இல் எஃகில் இரண்டு அமைப்புகளும் பக்கத்துப் பக்கமாகச் சமநிலையில் இருக்கும்போது, முகப்பு மைய இரும்பு எடையில் சுமார் 0.77 சதவீதம் கார்பனை ஏற்கிறது, பொருள் மைய இரும்பு சுமார் 0.02 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது.

பிழை, மொத்தக் காலி இடத்தைப் பார்த்ததில் இருக்கிறது. கார்பன் அணுவுக்குத் தேவை ஓர் ஒற்றைப் பொந்து. நான்கு அணுக்கள் சூழ்ந்த பொந்து நான்முகி வெற்றிடம், ஆறு அணுக்கள் சூழ்ந்தது எண்முகி வெற்றிடம். பொருள் மையத்தில் ஓர் அணுவுக்கு ஆறு நான்முகி வெற்றிடங்களும் மூன்று எண்முகி வெற்றிடங்களும் இருக்கின்றன. 32 சதவீதம் ஒன்பது சிறு இடங்களாகச் சிதறிவிடுகிறது. முகப்பு மையத்தில் ஓர் அணுவுக்கு ஓர் எண்முகி வெற்றிடம், இரண்டு நான்முகி வெற்றிடங்கள் மட்டும். 26 சதவீதத்தின் நல்ல பகுதி அந்த ஒற்றை எண்முகியில் சேர்ந்திருக்கிறது. மேலே கண்ட ஆரங்களை வைத்துப் பொருத்திப் பார்த்தால் அளவுகள் இப்படி வரும்.

```
முகப்பு மையம், எண்முகி:  0.414 r = 53 pm
பொருள் மையம், நான்முகி:  0.291 r = 37 pm
பொருள் மையம், எண்முகி:   0.155 r = 19 pm
கார்பன் அணு:             சுமார் 77 pm
```

எந்தப் பொந்திலும் கார்பன் சிரமமின்றி நுழைய முடியாது. 53 பிகோமீட்டர் உள்ள இடத்தில் தள்ள வேண்டியது மிகக் குறைவு, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த அட்டவணையைப் பார்த்து அடுத்து ஒரு தவறு வரும். பொருள் மையத்தில் நான்முகி வெற்றிடமே பெரியது, ஆகவே கார்பன் அங்கேதான் உட்காரும் என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது சிறிய எண்முகி வெற்றிடத்திலேயே உட்காருகிறது. காரணம், அந்த எண்முகி எல்லாத் திசையிலும் ஒரே அளவு கொண்டதல்ல. அதன் மையத்திலிருந்து இரண்டு இரும்பு அணுக்கள் மட்டும் a/2 தூரத்தில் இருக்கின்றன, அந்தத் திசையில்தான் இடம் 19 பிகோமீட்டர். மற்ற நான்கு அணுக்கள் a/√2 தூரத்தில், அதாவது 205 பிகோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அதிலிருந்து இரும்பின் ஆரம் 126ஐக் கழித்தால் 79 மீதம், கார்பனின் 77க்கு அது போதும். கார்பன் தள்ள வேண்டியது இரண்டே அணுக்களை. நான்முகியில் உட்கார்ந்தால் நான்கையும் ஒருசேரத் தள்ள வேண்டும்.

இந்த விளக்கம் சரிதானா என்று பரிசோதனையிலேயே பார்க்கலாம். கார்பன் உள்ள எஃகை முகப்பு மைய நிலையிலிருந்து வேகமாகக் குளிர்வித்தால், கார்பன் வெளியேற நேரம் கிடைக்காமல் சிக்கிக்கொள்கிறது. அப்போது அந்த இரண்டு அணுக்களும் தள்ளப்பட்ட திசையில் கூடு நீண்டு, கனசதுரம் ஒரு திசையில் மட்டும் நீண்ட நாற்கோண அமைப்பாகிறது. மார்ட்டன்சைட் என்பது அதுதான். நீண்ட விளிம்பு c க்கும் மற்ற விளிம்பு a க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ c/a = 1 + 0.045 × (எடைச் சதவீதக் கார்பன்). எடையில் 0.8 சதவீதம் கார்பன் இருந்தால் விகிதம் 1.036. விளிம்புவிளைவு வரைபடத்தில், கனசதுரத்தின் முகங்களுக்கு இணையான தளங்களிலிருந்து வரும் (200) என்ற கோடு தூய இரும்பில் 65.0° இல் ஒற்றையாக நிற்கும். இங்கே அது (002), (200) என்று இரண்டாகப் பிரியும், நீண்ட திசையைச் சேர்ந்த (002) கோடு குறைந்த கோணத்தின் பக்கம் விலகி நிற்கும். கோடு பிரியவில்லை, சற்று அகலமாக மட்டும் இருக்கிறது என்றால், கார்பன் மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது குளிர்வித்த பிறகு எஃகை மீண்டும் சூடாக்கியதில் கார்பன் கார்பைடாக வெளியேறியிருக்கலாம்.